மூடிய ஒக்டோபருக்குள் நுழைந்த 600,000 ரூபாய்

2024 டிசம்பர் 4, புதன்கிழமை. நவம்பர் கணக்கை மூடுவதற்காக மாத ஒப்பீட்டு அறிக்கையை எடுத்தேன். ஒக்டோபர் இலாபம் 2,740,000 ரூபாய் என்று திரையில் இருந்தது. நவம்பர் 6ஆம் திகதி நான் கையொப்பமிட்டுப் பணிப்பாளர்களுக்கும் வங்கிக்கும் அனுப்பிய ஒக்டோபர் இலாபமோ 2,140,000. கோப்பிலிருந்த அச்சுப்பிரதியை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். விற்பனை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. சம்பளம், வாடகை, மின்சாரம் எல்லாம் அப்படியே. ஆனால் ஒக்டோபர் 31 இருப்பின் பெறுமதி 31,850,000 இலிருந்து 32,450,000 ஆகியிருந்தது. இலாபம் எவ்வளவு கூடியதோ, இருப்பும் சரியாக அவ்வளவே கூடியிருந்தது.

மூடிய மாதத்தின் இலாபமும் இருப்பும் ஒரே தொகையால் நகர்ந்தால் சந்தேகத்தை நேராகக் களஞ்சியப் பக்கம் திருப்பலாம். யாரோ பழைய திகதியில் நாட்குறிப்புப் பதிவு போட்டிருந்தால் மாற்றம் வேறு கணக்குகளில் தெரிந்திருக்கும். இங்கே பொருளின் கிரயம்தான் மாறியிருக்கிறது, அதுவும் நாங்கள் மூடிவிட்டதாக நினைத்த மாதத்துக்குள்.

எங்களுடையது நீர்ப்பம்பி, கைக்கருவி போன்றவற்றை இறக்குமதி செய்து மொத்தமாக விற்கும் நிறுவனம். அலுவலகம் புறக்கோட்டையில், களஞ்சியம் பேலியகொடையில். கணக்கு, கொள்வனவு, களஞ்சியம் மூன்றும் ERPNext என்ற ஒரே ஈஆர்பியில் ஓடுகின்றன. பொருள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் பேரேட்டுப் பதிவு தானாக விழும். இந்த வசதிதான் இந்தச் சம்பவத்தின் மையம்.

என்ன நடந்தது

ஒக்டோபர் 24ஆம் திகதி 800 நீர்ப்பம்பிகள் கொண்ட ஒரு கொள்கலன் களஞ்சியத்துக்கு வந்தது. பழைய இருப்பில் இந்த மாடல் ஒன்றுகூட இல்லை, அதனால் கணக்குப் பார்க்க இலகு. வழங்குநரின் விலையும் சுங்கத் தீர்வையும் அன்றே கிரயத்தில் ஏறிவிட்டன. மிச்சம் இருந்தவை துறைமுகக் கட்டணங்கள், கப்பல் முகவரின் டெலிவரி ஓடர் கட்டணம், கிளியரிங் ஏஜன்டின் கூலி, லொறி வாடகை. இவை எல்லாவற்றையும் ஏஜன்ட் ஒரே பில்லாகப் பின்னர் அனுப்புவார்.

ஒக்டோபர் 31 தீபாவளி. அதற்குள் 300 பம்பிகள் விற்றுப் போயிருந்தன. ஏஜன்டின் பில் வரவில்லை. மாத முடிவில் நான் செய்தது வழமையான வேலை: 900,000 ரூபாய் என்று மதிப்பிட்டு, இறக்குமதிச் செலவுக் கணக்கில் டெபிட், அட்டுறு செலவில் கிரெடிட். நவம்பர் 1ஆம் திகதிக்கு அதைத் திருப்பியும் போட்டுவிட்டேன். மின்சாரத்துக்கும் கணக்காய்வுக் கட்டணத்துக்கும் எப்படிச் செய்வோமோ அதே மாதிரி.

பில் நவம்பர் 18, திங்கட்கிழமை வந்தது. 14ஆம் திகதி பொதுத் தேர்தல், 15 போயா, அப்புறம் சனி ஞாயிறு. தாமதத்துக்கு ஏஜன்டைக் குறை சொல்ல முடியாது. வற் நீங்கலாகத் தொகை 960,000, அதாவது பம்பி ஒன்றுக்கு 1,200 ரூபாய். எங்கள் கொள்வனவு உதவியாளர் பில்லைப் பதிந்தார். பின்னர் இறக்குமதிச் செலவைப் பொருளின் கிரயத்தில் ஏற்றும் `Landed Cost Voucher` திறந்து, பொருள் உள்ளே வந்ததற்கான ஒக்டோபர் 24 `Purchase Receipt` ரசீதைத் தெரிவுசெய்து, 960,000 ஐ 800 பம்பிகளுக்கும் பகிர்ந்து, நவம்பர் 18 என்று திகதியிட்டுச் சமர்ப்பித்தார். அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. நடைமுறைக் கையேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது, எழுதியது நான்.

டிசம்பரில் நான் கேட்டபோது அவர் திகைத்துப் போனார். "அண்ணா, நான் நவம்பர் திகதிதானே போட்டேன்? ஒக்டோபரைத் தொடவே இல்லையே."

அவர் போட்ட திகதி அந்த வவுச்சரின் தாளுக்கு மட்டும்தான். வவுச்சர் தன் பெயரில் பேரேட்டுப் பதிவு எதையும் போடுவதில்லை. அது தெரிவுசெய்த ரசீதைத் திறந்து, ரசீதின் கிரயத்தை மாற்றி, ரசீதின் பேரேட்டுப் பதிவுகளை ரசீதின் சொந்தத் திகதியிலேயே மீண்டும் எழுதுகிறது. ஆகவே இருப்பில் 960,000 டெபிட், `Expenses Included In Valuation` கணக்கில் 960,000 கிரெடிட், இரண்டும் ஒக்டோபர் 24இல் விழுந்தன. அதோடு முடியவில்லை. அந்த ரசீதுக்குப் பிறகு வெளியே போன ஒவ்வொரு பம்பியின் கிரயமும் 1,200 ரூபாயால் உயர வேண்டுமல்லவா? `Repost Item Valuation` என்ற பின்னணி வேலை ஒவ்வொரு `Delivery Note` ஆகப் போய், அதனதன் திகதியில் விற்பனைக் கிரயத்தைத் திருத்தியது. பொருளின் கிரயம் பொருள் வந்த நாளிலிருந்தே சரியாக இருக்க வேண்டும் என்ற தர்க்கத்தில் இதில் குற்றம் காண முடியாது. மாதம் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பூட்டின் வேலை.

600,000 எப்படி வந்தது

இங்கே சற்று நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் கூடுதல் செலவு உள்ளே வந்தபோது இலாபம் குறையாமல் கூடியது. பணிப்பாளர் முதலில் கேட்டதும் அதைத்தான்.

`Expenses Included In Valuation` ERPNext தரும் கணக்குப் பட்டியலில் ஒரு செலவுக் கணக்கு. வவுச்சர் அதைக் கிரெடிட் செய்கிறது, ஏஜன்டின் பில் அதை டெபிட் செய்கிறது, இரண்டும் சேர்ந்தால் பூச்சியம். ஒரே மாதத்தில் இரண்டும் விழுந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் விடயத்தில் கிரெடிட் ஒக்டோபரிலும் டெபிட் நவம்பரிலும் விழுந்தன. ஒக்டோபரில் செலவு 960,000 ஆல் குறைந்தது. விற்ற 300 பம்பிகளுக்கு விற்பனைக் கிரயம் 360,000 ஆல் கூடியது. மீதி 600,000 இலாபமாகத் தெரிந்தது. விற்காமல் இருந்த 500 பம்பிகளை 1,200 ஆல் பெருக்கினாலும் அதே 600,000. இருப்பு கூடிய தொகை அதுதான்.

நான் போட்ட 900,000 அட்டுறு பதிவையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும். இந்த ஒரு பில்லால் ஒவ்வொரு மாதத்தின் இலாபமும் எவ்வளவு குறைந்தது என்பது இது:

| | ஒக்டோபர் | நவம்பர் | இரண்டும் |
|---|---|---|---|
| நவம்பர் 6இல் அனுப்பியது | 900,000 | – | – |
| டிசம்பர் 4இல் திரையில் இருந்தது | 300,000 | 480,000 | 780,000 |
| இருந்திருக்க வேண்டியது | 360,000 | 420,000 | 780,000 |

நவம்பரில் 350 பம்பிகள் விற்றன, ஆகவே 420,000. மாத இறுதியில் கையிருப்பில் 150 பம்பிகள், அவற்றின் மேல் 180,000. மொத்தம் 960,000, கணக்கு மூடுகிறது.

அட்டவணையின் முதல் வரிதான் என்னை அதிகம் உறுத்தியது. வவுச்சர் உள்ளே நுழைவதற்கு முன்பே என் ஒக்டோபர் கணக்கு பிழை. 500 பம்பிகள் களஞ்சியத்தில் இருக்கும்போது அவற்றின் இறக்குமதிச் செலவையும் சேர்த்து முழு 900,000 ஐயும் ஒக்டோபர் இலாபத்திலிருந்து கழித்திருந்தேன். பூட்டு ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் பிழை வெளியே தெரிந்தே இருக்காது.

பூட்டு ஏன் பிடிக்கவில்லை

`Accounting Period` இல் ஒக்டோபரை நவம்பர் 6ஆம் திகதி மூடியிருந்தோம். அந்தத் திரையில் எந்தெந்த ஆவண வகைகளை மூடுவது என்று தனித்தனியாக அடையாளமிடலாம். விற்பனைப் பட்டியல், கொள்வனவுப் பட்டியல், நாட்குறிப்புப் பதிவு, கொடுப்பனவு எல்லாவற்றையும் மூடினோம். `Purchase Receipt` உம் `Delivery Note` உம் திறந்திருந்தன. களஞ்சியப் பொறுப்பாளர் பேலியகொடையிலிருந்து அழைத்து, "சேர், இன்னும் நாலைஞ்சு ரசீது போடக் கிடக்கு, பத்தாம் திகதி வரைக்கும் விடுங்கோ" என்று கேட்டிருந்தார். விட்டோம். பத்தாம் திகதி வந்தது, திரும்பப் போய் மூடுவதற்கு யாருடைய பெயரும் எங்கள் மாத மூடல் வேலைப் பட்டியலில் இல்லை. `Landed Cost Voucher` வகையை மூடித்தான் இருந்தோம், ஆனால் அதன் திகதி நவம்பர் என்பதால் அது தடைபடவில்லை. அது எழுதப்போன இடமான ரசீதும் திறந்தே இருந்தது.

அதற்கு மேல் முழு நிறுவனத்துக்குமான பூட்டு ஒன்று உண்டு: `Accounts Frozen Till Date`. அந்தத் திகதி வரையான எந்தப் பேரேட்டுப் பதிவையும், ஆவண வகை பார்க்காமல், அது தடுக்கும். அதில் இன்னும் செப்டெம்பர் 30 என்றே இருந்தது. களஞ்சியத்துக்கான `Stock Frozen Up To` வெறுமையாக இருந்தது. இப்படி ஒரு புலம் இருப்பதை எங்கள் பட்டியல் அறியவே இல்லை.

வேறு ஏதாவது இப்படி நுழைந்திருக்கிறதா என்று பார்க்க, தரவுத்தளத்தில் ஒரு சிறிய கேள்வி போதுமாக இருந்தது. பதிவின் திகதி பழையது, ஆனால் அது உருவான நேரம் மூடலுக்குப் பிந்தியது என்பவற்றைத் தேடினோம்.

```sql
SELECT posting_date, voucher_type, voucher_no,
       account, debit, credit, creation
FROM `tabGL Entry`
WHERE posting_date <= '2024-10-31'
  AND creation > '2024-11-06 18:00:00'
ORDER BY creation;
```

வந்த வரிகள் எல்லாம் அந்த ஒரு ரசீதையும் அதைப் பின்தொடர்ந்த விநியோகங்களையும் சேர்ந்தவை. களஞ்சியப் பொறுப்பாளர் கேட்ட நாலைந்து ரசீதுகள் 6ஆம் திகதி மாலைக்கு முன்பே ஏறியிருந்தன. அவகாசம் கேட்டவர் அதைப் பயன்படுத்தவே இல்லை, கதவு மட்டும் திறந்து கிடந்தது.

திருத்தியதும் திருத்தாமல் விட்டதும்

வவுச்சரை இரத்துச் செய்துவிடலாமா என்று முதலில் யோசித்தோம். செய்தால் ஒக்டோபர் மறுபடி மாறும், பிழையான 900,000 க்கே திரும்பும், நவம்பர் விநியோகங்களும் இன்னொரு தடவை எழுதப்படும். அட்டவணையின் கடைசி நிரலைப் பாருங்கள்: நவம்பர் 30 வரை எடுத்தால் இலாபமும் சரி, இருப்பும் சரி. 60,000 மட்டும் மாதம் மாறி நிற்கிறது, அதுவும் என் மதிப்பீட்டுக்கும் உண்மைப் பில்லுக்கும் இடையிலான வித்தியாசம். எங்கள் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, இரண்டு மாதமும் ஒரே ஆண்டுக்குள். ஆகவே பேரேட்டில் ஒன்றும் தொடவில்லை. முதல் வேலையாக இரண்டு பூட்டுகளையும் ஒக்டோபர் 31க்கு நகர்த்தினோம். பணிப்பாளர்களுக்கும் வங்கிக்கும் திருத்திய ஒக்டோபர் கூற்றை ஒரு பக்க விளக்கத்தோடு அனுப்பினோம். வங்கி மாதாந்தக் கூற்றைப் பார்த்துத்தான் மேலதிகப் பற்று எல்லையை மீளாய்வு செய்கிறது. நாம் அனுப்பிய எண் இப்போது நம் கணக்கிலேயே இல்லை என்பதை அவர்கள் வேறு வழியில் அறிவதை நான் விரும்பவில்லை.

இதே சம்பவம் மார்ச் கொள்கலனுக்கு நடந்து, பில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை கழிந்து வந்திருந்தால் இந்த முடிவை எடுத்திருக்க முடியாது. அப்போது 60,000 இரு ஆண்டுகளுக்கிடையே நிற்கும், கணக்காய்வாளரின் மேசைக்குப் போயிருக்கும்.

மாற்றி எழுதிய பட்டியல்

முன்பு எங்கள் பட்டியலில் "அட்டுறு செலவுகள்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதை இரண்டாகப் பிரித்ததுதான் மிகப் பெரிய மாற்றம்.

மின்சாரம், தொலைபேசி, கணக்காய்வுக் கட்டணம் போன்றவை அந்த மாதத்திலேயே கரைந்துவிடும் செலவுகள். இவற்றை நாட்குறிப்பில் போட்டு, அடுத்த மாதம் 1ஆம் திகதி `Reverse Journal Entry` கொண்டு திருப்புகிறோம். பழைய முறையே சரி.

பொருளோடு ஒட்டும் செலவுகளைத் திருப்பக் கூடாது. பில் வராவிட்டாலும் மாதம் முடியும் முன்பே மதிப்பீட்டுத் தொகைக்கு `Landed Cost Voucher` போட்டுவிடுகிறோம். கிரெடிட் பக்கத்துக்கு அந்தச் செலவுக் கணக்கைப் பயன்படுத்துவதில்லை. நடைமுறைப் பொறுப்புகளின் கீழ் "அட்டுறு இறக்குமதிச் செலவு" என்று தனிக் கணக்கு திறந்தோம். வவுச்சரின் தெரிவுப் பட்டியலில் அது தோன்ற வேண்டுமானால் கணக்கின் வகை பொருந்த வேண்டும், அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போயிற்று. பில் வரும்போது அந்தப் பொறுப்பு டெபிட் ஆகும். சிறிய வித்தியாசம் பில் வந்த மாதத்தின் செலவாகும். ஒக்டோபரில் இப்படிச் செய்திருந்தால் பம்பிக்கு 1,125 ரூபாய் வீதம் 337,500 ஒக்டோபர் விற்பனைக் கிரயத்தில் ஏறியிருக்கும். உண்மையான 360,000 க்கு அது மிக அருகில்.

மதிப்பீட்டை ஊகத்தில் விடுவதில்லை. கொள்கலன் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வைத்து, கடைசி மூன்று கொள்கலன்களின் பில்லை வரிவாரியாக எடுத்துப் பார்க்கிறோம். வித்தியாசம் பெரிதாக வந்து, பொருளும் விற்காமல் கிடந்தால் அதைச் செலவாக்குவது நியாயமில்லை. அப்போது நடப்பு மாதத் திகதியில் இருப்பை மறுமதிப்பிட வேண்டும். கொள்கலன் துறைமுகத்தில் தேங்கியதற்கான தாமதக் கட்டணம் வந்தால் அது வவுச்சருக்குள் போகாது. பொருளை அதன் இடத்துக்குக் கொண்டுவர இயல்பாகத் தேவைப்பட்ட செலவு அல்ல அது, நேராக அந்த மாதச் செலவு.

கணக்கிணக்கங்களில் வங்கியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை ஒவ்வொரு நாளும் செய்துவந்தால் மாத முடிவில் மாற்றப்படாத காசோலைகளும் வங்கிக் கட்டணங்களும் மட்டுமே மிஞ்சும். களஞ்சியப் பக்கத்தில்தான் நேரம் செலவிட வேண்டும். `Stock and Account Value Comparison` அறிக்கை இருப்புப் பேரேட்டையும் கணக்குப் பேரேட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டும், அது வெறுமையாக வர வேண்டும். `Stock Received But Not Billed` கணக்கின் மீதி, பொருள் வந்து பட்டியல் வராத ரசீதுகளின் மொத்தத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: வழங்குநரின் பட்டியலை ரசீதோடு இணைக்காமல் தனியாக யாரோ பதிந்திருப்பார்கள். அப்போது கணக்கின் மீதி குறைந்துவிடும், ரசீதோ பட்டியல் வராததாகவே நிற்கும். பழைய ரசீதுகளிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் சீக்கிரம் அகப்படும். அப்புறம் அட்டுறு இறக்குமதிச் செலவின் மீதியைக் கொள்கலன் தாள்களோடு ஒப்பிடுகிறோம். எந்தக் கொள்கலனுக்கும் சேராத ஒரு தொகை அங்கே இருக்கக் கூடாது.

பூட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது. முதலில் களஞ்சியப் பதிவுகள் முடிந்தன என்று பொறுப்பாளர் எழுதித் தருகிறார். பின்னர் `Stock Frozen Up To`. அதன் பின் `Repost Item Valuation` பட்டியலைத் திறந்து, `Queued`, `In Progress`, `Failed` என்ற நிலையில் ஒன்றுகூட இல்லை என்று பார்க்கிறோம். இது பின்னணியில் ஓடும் வேலை. வரிசையில் ஏதாவது நிற்கும்போது கணக்கைப் பூட்டினால் அது பாதியில் தோற்றுப்போய், இருப்பு ஒரு எண்ணையும் பேரேடு வேறொரு எண்ணையும் காட்டும். எல்லாம் `Completed` ஆன பிறகுதான் மேலே சொன்ன ஒப்பீட்டு அறிக்கை, அதன் பிறகு பரீட்சை மீதியின் பிரதி, கடைசியாக `Accounts Frozen Till Date`.

பூட்டை மீறிப் பதியும் உரிமையை ஒரு தனி ரோலுக்குக் கொடுத்து, அந்த ரோலை ஒருவருக்கு மட்டும் வைத்திருக்கிறோம். அந்த ஒருவர் நான் அல்ல, நிதிப் பணிப்பாளர். நாளாந்தம் பதிவு போடுகிற என் கையில் அது இருந்தால் அவசரத்தில் பூட்டு இருப்பதே தெரியாமல் பதிவு உள்ளே போய்விடும். திறக்க வேண்டி வந்தால் ஏன், யார், எத்தனை மணிக்கு என்று எழுதி, திறக்கும் முன்னும் பின்னும் பரீட்சை மீதியை எடுத்து வைக்கிறோம். மேலே தந்த கேள்வி, கடைசியாகப் பூட்டிய மாதத்தின் திகதிகளோடு, இப்போது ஒவ்வொரு காலையும் ஓடுகிறது. வெறுமையாக வந்தால் சரி.

டிசம்பர் 27ஆம் திகதி இன்னொரு கொள்கலன் வந்தது. மூன்று பழைய தாள்களை வைத்து 940,000 என்று மதிப்பிட்டு டிசம்பரிலேயே வவுச்சர் போட்டோம். போயா, தைப்பொங்கல் எல்லாம் கழிந்து ஜனவரி 16இல் ஏஜன்டின் பில் 951,000 க்கு வந்தது. உதவியாளர் பழைய பழக்கத்தில் மீதி 11,000 க்கு டிசம்பர் ரசீதின் மேல் இன்னொரு வவுச்சர் திறந்து சமர்ப்பித்தார். பூட்டிய திகதிக்கு முந்தியது என்று சிஸ்டம் மறுத்துவிட்டது. பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணா, இதை இப்ப எந்த மாதத்துக்குப் போடுறது?"

"ஜனவரிக்கு, தங்கச்சி. 940,000 பொறுப்புக்கு, மிச்சம் 11,000 வித்தியாசத்துக்கு."

பதிந்தார். டிசம்பர் பரீட்சை மீதி ஜனவரி 7ஆம் திகதி நாங்கள் அச்சிட்டபடியே இருந்தது.